க்ரோத் மைண்ட்செட்: ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சி முடிந்து டீ குடிக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். "இதெல்லாம் நிஜமாவே நிரூபிச்சதா சார்?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அப்புறம் வரிசையாகத் தொடரும். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

க்ரோத் மைண்ட்செட்னா என்னங்க? பாசிட்டிவா யோசிக்கறதுதானே?

இல்லை, அதைவிடக் குறுகலான விஷயம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் கேரல் டுவெக் பேசுவது ஒரே ஒரு நம்பிக்கையைப் பற்றி: அறிவுத்திறன் மாறுமா, மாறாதா? பிறக்கும்போதே அளந்து கொடுத்தது, அவ்வளவுதான் என்று நினைப்பது ஒரு வகை. உழைப்பாலும் சரியான வழிமுறையாலும் பிறர் உதவியாலும் அது வளரும் என்று நினைப்பது இன்னொரு வகை; இதைத்தான் க்ரோத் மைண்ட்செட், அதாவது வளர்ச்சி மனப்பான்மை என்கிறார்கள். எல்லாம் நன்றாகப் போகும்போது இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அடி வாங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும் என்பது அவர் வாதம். மாறாது என்று நம்பும் பிள்ளை "எனக்கு கணக்கு வராது" என்று ஒதுங்கிவிடும், வளரும் என்று நம்பும் பிள்ளை வேறு வழி தேடும்.

இந்த வாதத்தில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, அந்த நம்பிக்கையை நாம் மாற்ற முடியும். இரண்டாவது, நம்பிக்கை மாறினால் பிள்ளையின் நடத்தை மாறும். மூன்றாவது, நடத்தை மாறினால் மதிப்பெண் ஏறும். முதல் கண்ணி ஓரளவு உறுதியானது. பாடம் நடத்திவிட்டுக் கேள்வித்தாள் கொடுத்தால் பிள்ளைகளின் பதில் மாறத்தான் செய்கிறது. தகராறெல்லாம் மூன்றாவது கண்ணியைப் பற்றியது. கீழே வரும் பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"புத்திசாலி"ன்னு பாராட்டக் கூடாதுன்னு சொல்றாங்களே, அது எங்கிருந்து வந்துச்சு?

கிளாடியா மியூலரும் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். முதல் சுற்று எளிது. எல்லாரிடமும் "நன்றாகச் செய்தாய்" என்று சொல்லிவிட்டு, சிலரிடம் மட்டும் "நீ ரொம்பப் புத்திசாலியாக இருக்க வேண்டும்" என்றும், வேறு சிலரிடம் "நீ கடினமாக உழைத்திருக்க வேண்டும்" என்றும் ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். இரண்டாம் சுற்று வேண்டுமென்றே கடினமாக வைக்கப்பட்டது; அதில் சரியாகச் செய்யவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. மூன்றாம் சுற்று மறுபடி முதல் சுற்றின் தரத்தில்.

புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் மூன்றாம் சுற்றில் சறுக்கினார்கள், உழைத்தாய் என்று கேட்டவர்கள் முன்னேறினார்கள். மற்றவர்களுக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதிச் சொல்லும்போது, புத்திசாலிக் குழுவில் ஏறக்குறைய 40% பேர் கூட்டிச் சொன்னார்கள் என்பதுதான் எல்லாரும் எடுத்துச் சொல்லும் தகவல். ஒரே ஒரு வாக்கியத்துக்கு இத்தனை வித்தியாசமா என்று உலகமே வியந்தது. அங்கேயே கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். பெற்றோரும் ஆசிரியரும் ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசி மாறாத பிள்ளையை, முன்பின் தெரியாத ஒருவரின் ஒற்றை வாக்கியம் இவ்வளவு மாற்றிவிடுமா?

அதே சோதனையை வேற யாராவது செஞ்சு பாத்தாங்களா?

பார்த்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் யுயே லீயும் திமோத்தி பேட்ஸும் சீனாவில் 9 முதல் 13 வயது வரையான 624 பிள்ளைகளிடம் மூன்று ஆய்வுகளாகச் செய்து 2019-ல் வெளியிட்டார்கள். புத்திசாலி என்ற பாராட்டு புதிர் போடும் திறனைக் கெடுக்கவில்லை. அதோடு பிள்ளைகளின் மனப்பான்மைக்கும் அவர்களின் பள்ளி மதிப்பெண்ணுக்கும் தொடர்பும் காணவில்லை. அறிவு வளரும் என்று நம்பியவர்கள் அந்த ஆண்டில் கூடுதலாக முன்னேறவும் இல்லை.

"சீனப் பிள்ளைகள் வேறு, அமெரிக்கப் பிள்ளைகள் வேறு" என்று இதற்கு ஒரு பதில் உண்டு. இருக்கலாம். உழைப்பைப் பற்றி அங்கே வீட்டிலேயே ஓதி வளர்த்திருப்பார்கள். ஆனால் அப்படிச் சொன்னால், மனித மனத்தின் பொது விதி என்று சொல்லி எல்லா நாட்டுப் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுபோக முடியாது. ஏதாவது ஒன்றைத்தான் சொல்லலாம்.

என் பேத்தியை புத்திசாலின்னு கொஞ்சலாமா கூடாதா?

தாராளமாகக் கொஞ்சுங்கள் அம்மா. மேலே சொன்ன சோதனைகளில் எதுவும் பாட்டி கொஞ்சுவதைப் பற்றியது அல்ல. அவள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்து நிற்கும்போது என்ன சொல்கிறீர்கள் என்பதில் வேண்டுமானால் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

அப்போ மொத்தமும் பொய்யா?

அதுவும் இல்லை. இந்தத் துறையில் இதுவரை நடந்தவற்றில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் ஒன்று டேவிட் யேகர், டுவெக் உள்ளிட்ட பெரிய குழு அமெரிக்காவில் நடத்தி 2019-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. நாடு முழுவதையும் பிரதிபலிக்கும்படி தேர்ந்தெடுத்த 65 சாதாரண அரசுப் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறக்குறைய 12,500 பேர். குலுக்கலில் தேர்ந்தவர்களுக்கு, திறன் வளரும் என்று சொல்லும் ஒரு சிறு பாடத்தைக் கணினியில் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். எந்தக் கணக்கைப் போட்டு எந்த முடிவைப் பார்ப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார்கள். தரவு வந்த பிறகு தமக்குச் சாதகமான கோணத்தைத் தேடிப் பிடிக்கும் வழியை இப்படி அடைத்துக்கொண்டதால்தான் எனக்கு இந்த ஆய்வின் மேல் மதிப்பு.

பள்ளியில் நடுவுக்குக் கீழே மதிப்பெண் வாங்கிய மாணவர்களின் கிரேடு சராசரி, 4.0 அளவுகோலில் 0.10 புள்ளி ஏறியது. சராசரி டி அல்லது எஃப் நிலையில் மாட்டிக்கொள்வோர் 5.3 சதவீதப் புள்ளி குறைந்தார்கள். மேலே இருந்த மாணவர்களின் கிரேடில் ஒன்றும் அசையவில்லை. ஆக, பலன் இருக்கிறது; சிறியது, பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும்.

0.10 எல்லாம் ஒரு முன்னேற்றமா சார்?

கையால் போட்டுப் பார்ப்போம். அங்கே ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0. கணக்கு, அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியல் என்று நான்கு முக்கியப் பாடங்கள். பின்தங்கிய மாணவர்கள் 10 பேரை எடுத்தால் மொத்தம் 40 கிரேடுகள். சராசரி 0.10 ஏறுவது என்றால், அந்த 40-ல் 4 கிரேடுகள் ஒரு படி ஏறியதற்குச் சமம். 36 அப்படியே இருக்கின்றன.

ஏமாற்றமாகத் தெரியலாம். ஆனால் இதற்குச் செலவான நேரம் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, நடத்தியது கணினி. அந்த விலைக்கு இந்தப் பலன் மோசமில்லை என்று யேகர் குழு வாதிடுகிறது, அது நியாயமான வாதம்தான். ஒன்பதாம் வகுப்பில் தோற்கும் பிள்ளை படிப்பையே விடும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த 5.3-உம் சும்மா இல்லை. வம்பு எங்கே வருகிறது என்றால், இந்த 0.10-ஐக் காட்டிவிட்டு "பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும்" என்று விற்கும்போதுதான்.

ஒரு மணி நேரத்துல என்னதான் செஞ்சாங்க?

தலா 25 நிமிடம் போல இரண்டு அமர்வுகள். மாணவர் கணினி முன் உட்கார்ந்து, கடினமான வேலை கொடுக்கக் கொடுக்க மூளை தசையைப் போல வலுப்பெறும் என்று எளிய நடையில் படிக்கிறார். மூத்த மாணவர்கள் தாங்கள் திணறி மீண்ட கதையைச் சொல்கிறார்கள். அப்புறம் முக்கியமான வேலை: தன்னைப் போலவே திணறப்போகும் வேறொரு மாணவருக்கு இதை விளக்கி அறிவுரை எழுத வேண்டும். நமக்கு யாராவது உபதேசம் செய்தால் எரிச்சல் வரும். அதையே நாம் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் நம்பத் தொடங்குவோம். பதினான்கு, பதினைந்து வயதுக்கு இது கெட்டிக்கார உத்தி.

ஒப்பிடுவதற்கான மாணவர்களும் அதே மாதிரி கணினி முன் உட்கார்ந்து மூளையைப் பற்றித்தான் படித்தார்கள். மூளையின் எந்தப் பகுதி எதைச் செய்கிறது என்ற வகையில். திறன் வளரும் என்ற செய்தி மட்டும் அதில் இல்லை. யார் எதைப் படித்தார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. கிரேடு போடும் கை சாயாமல் இருக்க இது அவசியம்.

இங்கிலாந்துல செஞ்சு பாத்து தோத்துப் போச்சாமே?

ஆமாம், சாதாரணப் பள்ளிகளைப் பொறுத்தவரை நான் முதலில் காட்டுவது இந்த ஆய்வைத்தான். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'சேஞ்சிங் மைண்ட்செட்ஸ்' திட்டத்தை அங்குள்ள கல்வி அறக்கட்டளை ஒன்று இரண்டு முறை சோதித்தது. முதல் சோதனையின் அறிக்கை 2015-ல் வந்தது. பல்கலைக்கழகத்தில் தயாரான ஆட்கள் நேரே வந்து பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்திய பள்ளிகளில் இரண்டு மாதப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லப் போதவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் மூலம் செய்த பிரிவில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

இரண்டாம் சோதனை பெரியது: 101 தொடக்கப் பள்ளிகள், ஆறாம் ஆண்டில் படிக்கும் ஏறக்குறைய 5,000 பிள்ளைகள், வயது 10-11. வகுப்பு ஆசிரியர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு எட்டு வாரம் பாடம் நடத்தினார்கள். ஆண்டு முடிவில் தேசியத் தேர்வில் கணக்கையும் மொழிப்பாடத்தையும் வேறொரு சுயேச்சையான நிறுவனம் அளந்தது. 2019 அறிக்கை சொன்னது: கூடுதல் முன்னேற்றம் எதுவும் இல்லை.

மதிப்பீட்டாளர்களே ஒரு குறையையும் எழுதியிருக்கிறார்கள். திட்டத்தில் சேராத ஒப்பீட்டுப் பள்ளிகளிலும் ஏற்கனவே பல ஆசிரியர்கள் இந்தக் கருத்தை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் வித்தியாசம் மங்கியிருக்கலாம். சரி, ஒப்புக்கொள்வோம். அப்படியானாலும், எட்டு வாரம் முறையாக நடத்தியதற்கும் சும்மா போகிறபோக்கில் பேசியதற்கும் வித்தியாசம் இல்லை என்றுதானே அர்த்தம்? பயிற்சிக்குக் காசு கொடுக்கப்போகும் பள்ளிக்கு அதுதான் தெரிய வேண்டியது.

ஒரே வருஷம், ஒரே ஐடியா. அங்க பலன், இங்க இல்லையா? எப்படி?

வயது வேறு, நடத்தியவர் வேறு என்பது வெளிப்படை. நான் கூடுதலாகக் கவனிப்பது எதை அளந்தார்கள் என்பதை. அமெரிக்காவில் அளந்தது கிரேடு, அதாவது அந்தந்த ஆசிரியர் ஆண்டு முழுக்கப் பார்த்துப் போடுவது. வீட்டுப்பாடம் கொடுத்தானா, விட்டுப்போன வேலையை முடித்தானா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் சேரும். இங்கிலாந்தில் அளந்தது வெளியிலிருந்து வரும் தேர்வு. "கைவிடாமல் செய்" என்ற தூண்டுதல் வீட்டுப்பாடத்தை முடிக்க வைக்கும். பின்னக் கணக்கு தெரியாத பிள்ளைக்கு அது பின்னத்தைச் சொல்லிக்கொடுக்காது. இது என் கணிப்புதான், ஆனால் இரண்டு முடிவுகளையும் இது ஓரளவு பொருத்திக் காட்டுகிறது.

அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் அலெஹாந்த்ரோ கானிமியான் 202 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்விலும் பலன் எதுவும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகளின் வயது சிறியதும் அல்ல.

அப்போ வாத்தியார் கையில கொடுத்தா கெட்டுப்போகுதுன்னு சொல்ல வரீங்களா?

அப்படிச் சொன்னால் அடிக்க வருவீர்கள், எனக்குத் தெரியும். ஒரு நாள் பயிற்சியில் கேட்டதை, 40 நிமிடப் பீரியடில், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்துக்கு நடுவில், முப்பது நாற்பது பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறோம். வழியில் என்ன மிஞ்சும்? சுவரில் ஒரு வாசகம், "முயற்சி செய்" என்ற வார்த்தை, இரண்டும்தான். இதில் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் ஒருவருக்கு ஒருவர் என்று செய்ததைப் பெருக்கும்போது நடப்பதுதான்.

இன்னொரு தகவல் இதைவிட முக்கியமானது. யேகர் குழு அதே அமெரிக்கத் தரவில் கணக்கு ஆசிரியர்களின் மனப்பான்மையையும் பார்த்து 2022-ல் வெளியிட்டது. கணக்குத் திறன் வளரும் என்று ஆசிரியரே நம்பிய வகுப்புகளில் மாணவரின் கணக்கு கிரேடு ஏறியது. "சிலருக்கு வரும், சிலருக்கு வராது" என்று ஆசிரியர் நம்பிய வகுப்புகளில் அதே கணினிப் பாடம் படித்த மாணவருக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. காரணம் ஊகிக்க முடிகிறது. மூளை வளரும் என்று நம்பி ஒரு பையன் கணக்கை மறுபடி போட்டுக்கொண்டு வருகிறான். அதைத் திரும்பப் பார்த்து மதிப்பெண்ணைத் திருத்த அந்த வகுப்பில் வழியே இல்லை என்றால், அவன் நம்பி என்ன பயன்?

"உழைச்சா வரும்"னு சொல்றதுல என்னங்க தப்பு?

தப்பில்லை, போதாது. ஏழாம் வகுப்பு நோட்டில் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். 3/4 + 2/5 என்ற கணக்கு. மாணவி எழுதியிருப்பது 5/9. மேலேயும் கூட்டிவிட்டாள், கீழேயும் கூட்டிவிட்டாள். ஆசிரியர் சிவப்பு மையில் "நல்ல முயற்சி, இன்னும் உழைக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மாணவி வீட்டுக்குப் போய் உழைக்கிறாள். இன்னும் பத்துக் கணக்கை அதே முறையில் போட்டு, பத்தும் தப்பு. இப்போது அவள் என்ன முடிவுக்கு வருவாள்? "உழைத்தும் வரவில்லை, அப்போது எனக்கு மூளைதான் இல்லை." உழைப்பைப் புகழ்ந்தே அவளை நாம் தடுக்க நினைத்த இடத்தில் கொண்டுபோய் விட்டோம்.

அதற்குப் பதில் "3/4 ஒன்றே பாதியை விடப் பெரியது. அதோடு இன்னும் கூட்டிய பிறகு 5/9 வருமா? படம் போட்டுப் பார்" என்று எழுதலாம். 5/9 என்பது 3/4-ஐ விடச் சிறியது என்று அவளே பிடித்துவிடுவாள். அப்புறம் இரண்டையும் இருபதில் பங்காக்கி 15/20 + 8/20 = 23/20 என்று வருவது ஒரு படிதான். இதில் மனப்பான்மையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் உழைப்பைப் புகழ்வது தன் கருத்தே அல்ல என்று டுவெக்கும் 2015-ல் எழுதினார். அதைப் போலி வளர்ச்சி மனப்பான்மை என்றார். ஆனால் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் அந்தப் போலிதான்.

2023-ல ரெண்டு பெரிய தொகுப்பு வந்து ஒண்ணு ஆமாங்குது, ஒண்ணு இல்லைங்குதாமே?

இரண்டும் ஒரே இதழில் ஒரே ஆண்டில் வந்தவை. மெக்னமாராவும் பர்கோயினும் 63 ஆய்வுகளை, ஏறக்குறைய 97,000 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரிப் பலன் 0.05 திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவில் இருபதில் ஒரு பங்கு. ஒரு தேர்வில் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொண்டால், இது நூற்றுக்கு முக்கால் மதிப்பெண். பலன் இல்லாத ஆய்வுகள் அச்சேறாமல் பெட்டிக்குள் கிடக்கும் வழக்கத்துக்குத் திருத்தம் செய்தால் அதுவும் நிற்கவில்லை. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தால் இன்னும் சுருங்குகிறது. இந்தக் கருத்தால் பண லாபம் உள்ளவர்கள் எழுதிய ஆய்வுகளில் நல்ல முடிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். இது பயிற்சி விற்பவர்களுக்கு உறைக்க வேண்டிய வரி.

பர்னெட் குழுவின் தொகுப்பு, சராசரியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பலன் வரும் என்று யாரும் சொல்லவில்லையே. யாருக்குப் பலன் வரும் என்று எதிர்பார்த்தார்களோ அந்தப் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாகப் பாருங்கள் என்றது. அப்படிப் பார்த்தால் 0.1-க்கு அருகில் வருகிறது. அதாவது மேலே சொன்ன அமெரிக்க ஆய்வின் அளவே. உற்றுப் பார்த்தால் இரு தரப்பும் எண்ணில் பெரிதாக மோதிக்கொள்ளவில்லை. அந்தச் சிறிய எண்ணை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் சண்டை.

ஏழைப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய உதவின்னு சிலி நாட்டு ஆய்வு சொல்லுதே?

2016-ல் வந்த அந்த ஆய்வு, சிலியின் பத்தாம் வகுப்பு மாணவர்களை ஒட்டுமொத்தமாக, 1,68,000 பேரை, எடுத்துக்கொண்டது. ஏழ்மையில் அடிமட்டத்தில் இருந்தும் வளர்ச்சி மனப்பான்மை உள்ள பிள்ளைகள், அவர்களைவிடப் பல மடங்கு வசதியான, ஆனால் மாறாது என்று நம்பும் பிள்ளைகளுக்கு இணையாக மதிப்பெண் வாங்கினார்கள். கேட்டால் மெய்சிலிர்க்கும். ஆனால் இதில் யாருடைய மனப்பான்மையையும் யாரும் மாற்றிப் பார்க்கவில்லை. கேள்வித்தாளில் ஒரு பதிலும் மதிப்பெண்ணும் சேர்ந்து போகின்றன, அவ்வளவுதான். ஏழைப் பிள்ளை ஒன்று நல்ல ஆசிரியர் கிடைத்து நன்றாகப் படித்தது என்றால், "அறிவு வளரும்" என்று அது பதில் எழுதத்தானே செய்யும்? அனுபவத்தில் கண்டதாயிற்றே.

அதே ஆய்வில் யாரும் மேற்கோள் காட்டாத பகுதி: ஏழைப் பிள்ளைகளிடம்தான் இந்த நம்பிக்கை குறைவாக இருந்தது. உழைத்தும் பலன் வராததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படி நினைப்பது மனக்கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்து போவதும்கூட எல்லா இடத்திலும் இல்லை. செக் நாட்டில் பல்கலைக்கழக நுழைவுத் திறன் தேர்வு எழுதிய 5,600-க்கும் மேற்பட்டோரிடம் பார்த்தபோது, மனப்பான்மைக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய பூஜ்ஜியம். மிக லேசாக எதிர்த்திசையில்.

பையன் ஃபெயில் ஆனதுக்கு "அவன் மைண்ட்செட் சரியில்லை"ன்னு மிஸ் சொல்றாங்க. நான் என்ன பதில் சொல்றது?

"எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் தப்பு வருது மிஸ்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் கிடைத்தால் மனப்பான்மைப் பேச்சு தானாக நின்றுவிடும். கிடைக்காவிட்டால் அவனுடைய விடைத்தாளைக் கேட்டு வாங்கி நீங்களே பாருங்கள். மேலே 5/9-ல் பார்த்தது போல் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று.

அமெரிக்கக் கல்வி விமர்சகர் ஆல்ஃபி கோன் 2015-லேயே எச்சரித்தது இதைத்தான்: பாடம், தேர்வு, மதிப்பெண் முறை எதையும் தொடாமல் பிள்ளையின் மனதை மட்டும் சரிசெய்யக் கிளம்பினால், தோல்விக்கான பழி முழுக்கப் பிள்ளை தலையில் விழும். முன்பு "இவனுக்கு மூளை இல்லை" என்றார்கள். இப்போது "இவனுக்கு மனப்பான்மை இல்லை" என்கிறார்கள். பையனுக்கு என்ன வித்தியாசம்?

எங்க ஸ்கூல்ல ட்ரெயினிங் எடுத்தோம், பின்தங்கின பசங்கதான் ரொம்ப முன்னேறினாங்க. கண்ணால பாத்தோமே?

பார்த்தது உண்மையாக இருக்கும், காரணம் வேறாக இருக்கலாம். உதாரணத்துக்கு, 40 பேர் வகுப்பில் ஜூன் மாதத் தேர்வில் கடைசி 10 பேரின் சராசரி 24, முதல் 10 பேரின் சராசரி 82 என்று வைப்போம். எந்தத் திட்டமும் நடத்தாமல் செப்டம்பரில் மறுபடி தேர்வு வைத்தால், கடைசி 10 பேர் 30 பக்கம் ஏறியிருப்பார்கள், முதல் 10 பேர் 79 பக்கம் இறங்கியிருப்பார்கள். ஏனென்றால் கடைசியில் இருந்தவர்களில் சிலர் அன்றைக்குக் காய்ச்சலில் எழுதியவர்கள், சிலர் படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்து மாட்டியவர்கள். அந்தத் துரதிர்ஷ்டம் இரண்டாம் முறையும் அவர்களுக்கே வராது. மிகத் தாழ்ந்ததும் மிக உயர்ந்ததும் அடுத்த முறை நடுவை நோக்கி நகரும். எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஏ பிரிவில் திட்டத்தை நடத்துங்கள், பி பிரிவில் நடத்தாதீர்கள். எந்தப் பிரிவு என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். ஆர்வமுள்ள ஆசிரியரின் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் கெட்டது. இரண்டு பிரிவிலும் கடைசி 10 பேரை ஒப்பிடுங்கள், விடைத்தாளை மாற்றித் திருத்துங்கள். இரண்டே பிரிவுகளில் 0.1 அளவுப் பலன் கண்ணுக்குத் தெரியாது, அது வேறு விஷயம். ஆனால் "30% முன்னேற்றம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பிரிவுகள் போதும்.

பயிற்சி கொடுத்தவர்கள் "மனப்பான்மைக் கேள்வித்தாளில் மதிப்பெண் ஏறியது" என்று காட்டினால், அது முதல் கேள்வியில் சொன்ன முதல் கண்ணி மட்டும்தான். எட்டு வாரம் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள்.

சரி, நான் நாளைக்கு வகுப்புல என்ன செய்யட்டும்?

நேரம் குறைவு என்றால் ஒன்றே ஒன்று: ஒரு பாடத்தின் சிறு தேர்வில் மட்டும், தப்பைத் திருத்தி மறுபடி எழுதினால் மதிப்பெண் மாறும் என்று வையுங்கள். எல்லாக் கேள்விக்கும் வேண்டாம், எல்லாருடைய நோட்டையும் திருத்த உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூடப் போதாது. அதிகம் பேர் தப்பு செய்த இரண்டு கேள்விகளை எடுங்கள். மறுபடி எழுதுவதற்கு முன் பழைய தப்பு எங்கே வந்தது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து நோட்டைப் பார்த்து விடையை மட்டும் மாற்றிவிடுவார்கள். திருத்தி எழுதியதற்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டியதில்லை, பாதி போதும். மனப்பான்மைப் பாடம் தனியாக நடத்துவதா வேண்டாமா என்பது அப்புறம்.

அப்படின்னா வேலை செய்யறது மைண்ட்செட்டா, அந்த வகுப்பா?

இந்தத் துறையில் இன்னும் முடியாத கேள்வி இதுதான். 2022 ஆய்வில் எந்த மாணவர் எந்தப் பாடம் படிப்பார் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். ஆனால் எந்த ஆசிரியருக்கு எந்த மனப்பான்மை என்பதை யாரும் குலுக்கிப் போடவில்லை, இருந்ததை அளந்தார்கள். திறன் வளரும் என்று நம்பும் ஆசிரியர், மறுதேர்வும் வைப்பவராக, சந்தேகம் கேட்டால் எரிந்து விழாதவராக, பாடத்தை வேறு விதமாகத் திரும்ப நடத்துபவராகவும் இருக்கலாம். அப்போது வேலை செய்தது அவர் நம்பிக்கையா, அவர் வைத்த மறுதேர்வா என்று அந்தத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது. 2019 ஆய்விலும் இதே சிக்கல்: சக மாணவர்கள் கடினமான கணக்கைத் தேடி எடுக்கும் பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது, அந்தப் பள்ளிகள் வேறு எதிலெல்லாம் வேறுபட்டவை என்பது தெரியாது.

பிரித்துப் பார்க்க வேண்டுமானால் வகுப்புகளை நான்காகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் மனப்பான்மைப் பாடம் மட்டும், ஒன்றில் திருத்தி எழுதும் வாய்ப்பு மட்டும், ஒன்றில் இரண்டும், ஒன்றில் எதுவும் இல்லை. இரண்டாவது வகுப்பே மூன்றாவதற்குச் சமமாக வந்துவிட்டால், பாடத்துக்கு வேலை இல்லை. மூன்றாவது மட்டும் தனித்து ஏறினால், டுவெக் தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் இரண்டாவது வகுப்பின் மேல் கட்டுவேன்.